பக்கம் நகர்ந்தும் வட்டம் ஏன் நகரவில்லை?

ஜூம் வகுப்பில் பாடநூலின் பிடிஎஃப் பக்கத்தைப் பகிர்ந்து, x² − 5x + 6 = 0 என்பதில் −5, 6 இரண்டையும் சிவப்பில் வட்டமிடுகிறீர்கள். பக்கத்தைக் கீழே நகர்த்தியதும் வட்டங்கள் நின்ற இடத்திலேயே நின்று, வேறொரு கணக்கைச் சுற்றிக்கொள்கின்றன. ஏன்? Annotate கருவி பக்கத்தில் எழுதுவதில்லை. திரைமேல் விரித்த கண்ணாடித் தாளில் எழுதுகிறது. அடியில் எது நகர்கிறது என்பது அதற்குத் தெரியாது. தாமதமாகப் பார்க்கும் மாணவர் தவறான எண்ணைக் குறித்துக்கொள்வார்.

ஆகவே பக்கத்தில் வட்டமிடுவதோடு நிறுத்தி, Clear அழுத்திவிட்டு, தீர்வை வெண்பலகையில் எழுதுங்கள். பெருக்கினால் 6, கூட்டினால் −5 தரும் எண்கள் −2, −3. எனவே (x − 2)(x − 3) = 0; x = 2 அல்லது 3. அங்கே எழுத்து பலகையோடு ஒட்டியது; நகர்த்தினாலும் படிகள் கூடவே வரும்.