வர முடியாது, ஆனால்…

பள்ளி ஆண்டு மலர் அச்சாகிறது. அட்டையை முடிவு செய்ய வியாழக்கிழமை மாலை 4 மணிக்கு வரச் சொல்லி, அச்சக வடிவமைப்பாளருக்குத் தலைமையாசிரியை வாட்ஸ்அப்பில் தகவல் அனுப்புகிறார். பதில் வருகிறது: "வியாழன் முடியாது மேடம். வேற நாள் பாத்துக்கலாம்."

இதில் மரியாதைக் குறைவாக ஒரு சொல்லும் இல்லை. ஆனாலும் வேலை முழுக்க மேடம் தலையில் விழுகிறது. எந்த நாள், எந்த நேரம் என்று அவரே கேட்க வேண்டும். மற்ற ஆசிரியர்களை வரச் சொல்வதா, தள்ளிவைப்பதா என்றும் தெரியாது. இவருக்கு அட்டையில் அக்கறை இல்லையோ என்ற சந்தேகமும் எழலாம். அதே மறுப்பை இப்படி எழுதிப் பார்ப்போம்:

"வணக்கம் மேடம். வியாழன் மாலை வேறொரு புத்தகம் மெஷினில் ஏறுகிறது, நான் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அதனால் வர இயலாது, மன்னிக்கவும். வெள்ளி காலை 10.30 அல்லது சனி காலை 11 மணிக்கு வருகிறேன். அரை மணி நேரம் போதும். கூட்டத்தை மாற்ற முடியாதென்றால், புதன் மாலைக்குள் இரண்டு அட்டை மாதிரிகளை அனுப்பிவிடுகிறேன். எது பிடித்தது, என்ன திருத்தம் என்று குறித்து அனுப்புங்கள்."

காரணம் ஒரே வரி. அதற்கு மேல் நீட்டினால் சாக்குப்போக்காகத் தெரியும். சொல்ல விருப்பமில்லாத காரணமென்றால் "முன்பே ஒப்புக்கொண்ட வேலை" என்பதே போதும். "இயலாது" என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். "முயற்சி செய்கிறேன்" என்று மழுப்பினால் நமக்கும் சேர்த்து நாற்காலி போட்டுக் காத்திருப்பார்கள்.

மாற்று நேரத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். "அடுத்த வாரம் எப்ப வேணும்னாலும்" என்பது தாராளமாகத் தோன்றும். உண்மையில் தேர்வு செய்யும் வேலையை எதிராளிக்கே திருப்பித் தருகிறது. இரண்டு நேரம் சொன்னால் "சனி" என்று ஒரே சொல்லில் பதில் வந்துவிடும். அந்தப் பதில் வரும்வரை இரண்டு நேரத்தையும் வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்க வேண்டும். கேட்டபின் "ஐயோ, சனியும் போச்சே" என்றால் முதல் மறுப்பைவிட மோசம். அலுவலக காலண்டரில் 'வேறு நேரம் முன்மொழி' என்ற வசதியைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் இது பொருந்தும். கூட்டம் கூட்டியவர் ஏற்கும்வரை அது வெறும் யோசனைதான், பழைய நேரம் அப்படியே நிற்கும்.

பத்துப் பேர் கூடும் கூட்டமென்றால் கதை வேறு. நம் ஒருவருக்காக நாளை மாற்றச் சொல்வது நியாயமில்லை. அங்கே கருத்தை முன்கூட்டி எழுதி அனுப்பலாம், விஷயம் தெரிந்த இன்னொருவரை அனுப்பலாம். அதையும் குழுவில் போடாமல், அழைத்தவருக்கு மட்டும் தனியாக எழுதுவது நல்லது. குழுவில் போட்டால் ஆளாளுக்கு ஒரு தேதி சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.