ஒரு செய்தி, இரண்டு வாசிப்பு

ஜெர்மன் மொழியில் பி1 தேர்வை முடித்தவர், இனி செய்தி படிக்கலாம் என்று உட்காருகிறார். முதல் பத்தியிலேயே எட்டுச் சொற்கள் தெரியவில்லை. அகராதியைத் திறக்கிறார், நோட்டில் எழுதுகிறார், அடுத்த வரிக்குப் போகிறார். ஒரு மணி நேரத்தில் அரைச் செய்திதான் முடிகிறது, நோட்டில் நாற்பது சொற்கள் சேர்ந்துவிடுகின்றன. மறுநாள் கேட்டால் நாலு சொல்கூட நினைவில் இல்லை. ஒரு வாரத்தில் நோட்டு மூடப்படுகிறது.

அவரிடம் முயற்சிக்குக் குறைவில்லை. இரண்டு வேறு வேலைகளை ஒரே நேரத்தில் செய்யப் பார்த்ததுதான் தவறு. சிறு பகுதியை எடுத்து, ஒவ்வொரு சொல்லும் ஏன் அங்கே நிற்கிறது என்று பார்ப்பது ஊன்றிப் படிப்பது. எளிதான பலவற்றை அகராதி இல்லாமல் படித்துக்கொண்டே போவது ஓட்டமாகப் படிப்பது. முன்னது கண்ணைக் கூர்மையாக்கும். பின்னது வேகத்தைத் தரும்.

ஊன்றிப் படிப்பது எப்படி என்பதை ஒரு வாக்கியத்தில் காட்டுகிறேன். "டி பான் டைல்டெ ஆம் மோன்டாக் மிட், டேர் ஷ்ட்ரைக் ஸை பெஎண்டெட்." அகராதியில் 'டைலென்' என்றால் 'பங்கிடுதல்'. அவசரமாகப் படிப்பவர் ரயில்வே திங்களன்று எதையோ பங்கிட்டது என்று எடுத்துக்கொள்வார். ஆனால் இரண்டு சொல் தாண்டி நிற்கும் 'மிட்' அந்த வினையின் பிரிந்த தலை. இரண்டும் சேர்ந்தால் 'மிட்டைலென்', அதாவது 'அறிவித்தல்'. அடுத்து, 'இஸ்ட்' வரவேண்டிய இடத்தில் 'ஸை' வந்திருக்கிறது. வேலைநிறுத்தம் முடிந்தது என்று செய்தியாளர் தன் பொறுப்பில் சொல்லவில்லை. ரயில்வே அப்படிச் சொல்கிறது என்கிறார். நமக்கு இது புதிதல்ல. 'முடிந்துவிட்டதாம்' என்று நாம் சொல்லும்போது அந்த 'ஆம்' செய்வதும் கிட்டத்தட்ட இதே வேலைதான். ஜெர்மன் செய்திகளில் இந்த வடிவம் அடிக்கடி வரும். இதைத் தவறவிட்டால் ஒரு தரப்பின் கூற்றை நடந்த உண்மையாக நம்பிவிடுவோம். ஓட்டமாகப் படிக்கும்போது இது கண்ணில் படாது.

எந்தச் செய்தியை எப்படிப் படிப்பது என்பதை முதல் நூறு சொற்களை வைத்தே முடிவுசெய்யலாம். பெயர்களை விட்டுவிட்டு, தெரியாத சொற்களை எண்ணுங்கள். இரண்டு வரை இருந்தால் ஓட்டமாகப் படியுங்கள். துணையில்லாமல் வசதியாகப் புரிய நூற்றுக்கு தொண்ணூற்றெட்டு சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பது பால் நேஷன் போன்ற ஆய்வாளர்கள் சொல்லும் கணக்கு. ஐந்திலிருந்து எட்டு வரை இருந்தால் ஊன்றிப் படிக்கலாம். பத்தைத் தாண்டினால் இப்போதைக்கு வைத்துவிடுங்கள்.

ஓட்டத்துக்கு nachrichtenleicht.de நல்லது. வாக்கியங்கள் குட்டையாக இருக்கும், கடினமான சொற்களுக்கு விளக்கமும் உண்டு. ஊன்றிப் படிக்க டாய்ச்ச வெல்லெ தரும் Langsam gesprochene Nachrichten ஏற்றது. நிதானமாக வாசித்த ஒலியும் அதன் எழுத்து வடிவமும் சேர்ந்தே கிடைக்கும்.

நாளுக்கு நாற்பது நிமிடம் போதும். ஓட்டத்தில் தொடங்குங்கள். முதல் இருபது நிமிடம் மூன்று நான்கு எளிய செய்திகள், அகராதி எட்டாத தூரத்தில் இருக்கட்டும். தெரியாத சொல்லின் மேல் ஒரு புள்ளி வைத்துவிட்டு நகருங்கள். ஒரே சொல்லுக்கு மூன்று புள்ளி விழுந்தால் மட்டும் பிறகு பாருங்கள். அடுத்த பதினைந்து நிமிடம் ஒரே ஒரு பத்தியை ஊன்றிப் படியுங்கள். நோட்டில் ஐந்து பதிவுக்கு மேல் வேண்டாம்; சொல்லைத் தனியாக எழுதாமல் அது வந்த தொடரோடு எழுதுங்கள். கடைசி ஐந்து நிமிடம் அதே பத்தியை ஒலியோடு சேர்த்து வாய்விட்டுப் படியுங்கள்.

இந்தத் திட்டத்தைத் தாங்கிப் பிடிப்பது செய்தித் தேர்வுதான். தினம் ஒரு புதிய விஷயத்துக்குத் தாவாதீர்கள். ஒரு வேலைநிறுத்தமோ தேர்தலோ எதுவானாலும், அதையே ஒரு வாரம் தொடருங்கள். குறுகிய வாசிப்பு என்று ஸ்டீபன் கிராஷன் பரிந்துரைப்பது இதைத்தான். தொழிற்சங்கத்தைக் குறிக்கும் 'கெவெர்க்ஷாஃப்ட்' திங்களன்று மலைபோல நிற்கும். அதே சொல் தினமும் வந்து வியாழனுக்குள் பழகிவிடும். பின்னணி தெரியாத செய்தியானால் முதலில் தமிழ்ப் பத்திரிகையில் படித்துவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். செய்தி நடை எழுத்து நடை. 'ஸை' போன்ற வடிவங்கள் அன்றாடப் பேச்சில் அவ்வளவாக வராது. பேச்சுக்குத் தனியாகத்தான் பழக வேண்டும்.

சனிக்கிழமை புதிதாக எதையும் எடுக்காதீர்கள். திங்களன்று ஊன்றிப் படித்த பத்தியை அகராதி இல்லாமல் மறுபடி படியுங்கள். அதிலும் இடறுகிற சொற்கள் மட்டும் அடுத்த வார நோட்டுக்குப் போகட்டும்.