ஒரு பாடம், ஒரு குறிக்கோள்

ரத்த அழுத்தம் அளப்பது பற்றிய ஒரு மணி நேரச் செவிலியர் பாட உரையைச் சிறு பாடங்களாக்கச் சொன்னால், பலரும் பத்து நிமிடத்துக்கு ஒரு வெட்டு போடுகிறார்கள். அது தவறு. எங்கே வெட்டுவது என்பதைக் குறிக்கோள்தான் காட்டும்.

“கைப்பட்டையைப் பற்றி அறிவார்” என்று எழுதினால் சோதிக்க வழியில்லை. “மேல்கைச் சுற்றளவை அளந்து, பொருந்தும் பட்டையைத் தேர்ந்தெடுப்பார்” என்றால் செய்துகாட்டச் சொல்லலாம். இதற்கு உதவும் வரிகள் மட்டுமே இங்கே தங்கும். சிறிய பட்டை அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும் என்ற எச்சரிக்கை அவசியம். கருவியின் வரலாறு எவ்வளவு சுவையானாலும் வெளியே. ஸ்டெதஸ்கோப்பில் ஒலி கேட்பது தனிப் பாடம்.

பிறகு “முன்பு சொன்னதுபோல” என்ற சொற்களைத் தேடுங்கள். அங்கே தேவையான முந்தைய வரியை மறுபடி எழுதாவிட்டால், அந்தப் பாடத்தை மட்டும் பார்ப்பவருக்குப் புரியாது.