டிராக்டர் ஆயிலில் எதையும் கலக்காதீர்கள்!

தேய்மானம் குறையும் என்று கடையில் தரும் சிறு பாட்டிலை வாங்கி, டிராக்டர் ஆயிலில் ஊற்றும் விவசாயிகள் உண்டு. ஆயில் நிறுவனங்கள் பொதுவாக இதை ஏற்பதில்லை. துத்தநாகம் உள்ளிட்ட சேர்மானங்களை அளவு பார்த்துக் கலந்துதான் ஆயிலே வருகிறது. இன்ஜின் ஆயிலில் துத்தநாகச் சேர்மானத்தை மேலும் கூட்டினால், அந்த அளவு கெட்டு, சாம்பல் படிவு அதிகமாகும்.

'ஆயில் பிரேக்' டிராக்டரில் ஆபத்து இன்னும் பெரிது. இதில் பிரேக் தட்டுகள், பின்பக்க கியர் ஆயிலில் மூழ்கியே இருக்கும். உராய்வு இருந்தால்தான் தட்டு பிடிக்கும். உராய்வைக் குறைக்கும் திரவத்தை அந்த ஆயிலில் ஊற்றினால், லோடு டிரெய்லரோடு இறக்கத்தில் வரும்போது, பெடலை அழுத்தி மிதித்தாலும் வண்டி சட்டென நிற்காது.

ஏற்கெனவே ஊற்றியிருந்தால், வண்டியை ஓட்டாமல் ஆயில் முழுவதையும் வடித்துவிட்டு, கையேட்டில் சொன்ன ரகத்தை நிரப்ப வேண்டும். பிறகும் பிடிப்பு வராவிட்டால், தட்டுகளையே மாற்ற நேரிடும்.