50,000 டாலர் கணக்கில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது?

அமெரிக்க ஃபியூச்சர்ஸ் சந்தையில், தங்கள் முதலீட்டில் வர்த்தகம் செய்ய ஆட்களை அழைக்கும் நிறுவனங்கள் முதலில் ஒரு தேர்வு வைக்கின்றன. வழக்கமான ஒரு தேர்வில், 50,000 டாலர் கணக்கில் 3,000 டாலர் லாபம் காட்ட வேண்டும். இழப்பு 2,000 டாலரைத் தொடக்கூடாது.

சிக்கல் இந்த 2,000-இல்தான். பல இடங்களில் இழப்பு எல்லை, கணக்கு தொட்ட உச்சத்தைப் பின்தொடர்ந்து ஏறும், இறங்காது.

விற்றுக் கைக்கு வராத லாபம் 1,500 டாலரைத் தொட்டாலே, எல்லை 48,000-லிருந்து 49,500 ஆகிவிடும். பிறகு விலை திரும்பி, தொடக்கத் தொகையில் வெறும் 500 டாலர் குறைந்தாலும் தேர்வு முடிந்தது.

மறுபடி தொடங்க ‘ரீசெட்’ கட்டணம். தேறும்வரை மாதக் கட்டணம். தேறிய பிறகும் சில நிறுவனங்களில் கணக்கைத் திறக்கத் தனிக் கட்டணம். பணம் கட்டுமுன் கேட்க வேண்டியது: எல்லை நொடிக்கு நொடி நகருமா, நாள் முடிவில் மட்டுமா?