47 மதிப்பெண்ணும் ஒரு விடைத்தாளும்

"மேடம், ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் 82 எடுத்தவள். காலாண்டில் 61, அரையாண்டில் 47. வீட்டில் கேட்டால் டக்கென்று சொல்கிறாள். பரீட்சையில் எல்லாம் மறந்துபோகிறது என்று அழுகிறாள். பரீட்சை நாளில் காலையிலேயே வயிற்றுவலி. இரண்டு முறை வகுப்புத் தேர்வுக்கு அனுப்பவில்லை. கோ-கோ விளையாட்டை நிறுத்திவிட்டோம். ராத்திரி பதினோரு மணிவரை நானும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். வேறு என்ன செய்யட்டும்?"

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா எழுதுவதாக அமைந்த இந்தக் கடிதம், பள்ளி ஆலோசகர்களிடம் பெற்றோர் கொட்டும் கவலைகளின் சாயலில் எழுதிப் பார்த்தது. கடிதத்தில் மதிப்பெண்கள் இருக்கின்றன. ஆனால் அனுபவமுள்ள ஆலோசகர் முதலில் கேட்பது விடைத்தாளை.

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் ஒரு மதிப்பெண் கேள்விகள் 14. அதன்பின் இரண்டு மதிப்பெண்ணில் 10, ஐந்து மதிப்பெண்ணில் 10, எட்டு மதிப்பெண்ணில் 2 எழுத வேண்டும். இந்தப் பெண் ஒரு மதிப்பெண்ணில் 12 வாங்கியிருக்கிறாள். இரண்டு மதிப்பெண் பகுதியில் 20க்கு 15. ஐந்து மதிப்பெண் கேள்விகளில் நான்கை மட்டும் எழுதி 14, வரைபடத்துக்கு 6. ஆகமொத்தம் 47. கைவிட்டுப் போன 53ல் 38 மதிப்பெண் அவள் தொடவே தொடாத கேள்விகளுக்குரியது.

நேரம் எங்கே போனது என்பதற்கும் தாளிலேயே சாட்சி இருக்கிறது. ஒரு கூட்டுத்தொடர் வரிசையில் முதல் உறுப்பு 7, பொது வித்தியாசம் 4, பதினைந்தாவது உறுப்பு என்ன? இரண்டே வரிக் கணக்கு. 15×4 என்று தொடங்கி அடித்திருக்கிறாள். அடுத்து 14×4 = 54 என்று எழுதி அதையும் அடித்திருக்கிறாள். மூன்றாவது தடவைதான் 56 வந்து, விடை 63 என்று முடிகிறது. அதற்குள் பக்கம் முக்கால்வாசி நிரம்பிவிட்டது. இதே கணக்கை அன்று மாலை வீட்டில் யார் துணையுமின்றிப் போட்டாள் என்றால், படிக்காததால் வந்த பிழை அல்ல இது. இடைவிடைகளை மனசில் தாங்கிக்கொண்டுதான் அடுத்த படிக்குப் போக முடியும். 'ஃபெயிலானால் என்ன ஆகும்' என்ற எண்ணமும் அதே இடத்துக்குப் போட்டிபோட்டால், 14×4கூடத் தடுமாறும்.

தாளில் தெரிவது வேறு மாதிரியாகவும் இருக்கலாம். ஒரே பாடத்தின் கேள்விகள் மட்டும் காலியாக இருந்தால் அந்தப் பாடம் புரியவில்லை என்று பொருள். கேள்வியைத் தப்பாகப் பெயர்த்தெழுதியிருந்தால் கண்ணைச் சோதிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் பயம் என்று ஒரே முத்திரை குத்துவது சோம்பேறித்தனம்.

கடிதத்தில் அம்மா போகிறபோக்கில் சொல்லிவிட்ட இன்னொரு விஷயம் முக்கியமானது: தேர்வுக்கு அனுப்பாத அந்த இரண்டு நாள். வயிற்றுவலி நடிப்பல்ல, பதற்றத்தில் குடல் நிஜமாகவே முறுக்கும். ஆனால் 'சரி, போகவேண்டாம்' என்றதும் வலி அடங்குகிறதல்லவா, அந்த நிம்மதிதான் சிக்கல். தப்பித்தால் சரியாகிவிடும் என்று உடம்பு பழகிக்கொள்கிறது. அடுத்த தேர்வுக்கு வலி இன்னும் சீக்கிரமாக வரும்.

ஆகவே ஆலோசகரின் திட்டம் பரீட்சையைச் சிறு அளவில் திரும்பக் கொண்டுவருவது. முதல் வாரம் ஆலோசகர் அறையில் இரண்டு கணக்கு, இருபது நிமிடம், மதிப்பெண் கிடையாது. அது பழகியபின் வகுப்பறையில் முக்கால் மணி நேரம். கடைசியில் தேர்வு நடக்கும் அதே பெஞ்சில் முழுத் தாள். பொதுத்தேர்வில் கேள்வித்தாளைப் படிக்கத் தருகிற முதல் பத்து நிமிடத்தில், நன்றாகத் தெரிந்த ஐந்து மதிப்பெண் கேள்விகளைத் தேர்ந்து வைத்துக்கொள்ளப் பயிற்சி. இரண்டு மதிப்பெண் கேள்வி நான்கு நிமிடத்தைத் தாண்டினால் இடம் விட்டு அடுத்ததற்குப் போய்விட வேண்டும்.

தேர்வுக்கு முன் பத்து நிமிடம் பயத்தைக் காகிதத்தில் எழுதச் சொல்லும் வழக்கமும் உண்டு. 2011ல் அமெரிக்காவில் ராமிரெஸ், பைலாக் இருவரும் அதில் நல்ல பலன் கண்டார்கள். 2018ல் அவர்களுடைய சோதனையைத் திரும்பச் செய்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. செய்து பார்ப்பதில் நஷ்டமில்லை, அதையே நம்பியிருக்க வேண்டாம்.

அம்மாவுக்கும் வேலை இருக்கிறது: பக்கத்தில் உட்காருவதை விடுவது, பத்து மணிக்கு விளக்கை அணைப்பது, கோ-கோவை மறுபடி தொடங்கவிடுவது. தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, 'நான் இருந்து என்ன பயன்' என்று பேச்சு வருகிறது என்றால் பள்ளி ஆலோசனையோடு நிறுத்தக் கூடாது. உடனே மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற அரசு உதவி எண்ணிலும் பேசலாம்.

இந்த வழியில் போகும் பிள்ளை அடுத்த திருப்புதல் தேர்விலேயே 82க்குத் திரும்பிவிடாது. காலையில் வயிறு வலிக்கலாம், மதிப்பெண் 58ல் நிற்கலாம். அப்போதும் ஆலோசகர் அம்மாவிடம் விடைத்தாளைத்தான் கேட்பார், தொடாமல் விட்ட கேள்விகள் எத்தனை என்று எண்ணிப் பார்க்க.