கடுங்குளிரில் அணைந்துபோகும் தெர்மோஸ்டாட்

அமெரிக்காவிலும் கனடாவிலும் பழைய வீடுகளில் பல தெர்மோஸ்டாட்டுகளுக்கு இரண்டே ஒயர்தான். R வழியாக 24 வோல்ட் மாறுமின்சாரம் வருகிறது. W வழியாக அது ஃபர்னஸுக்குப் போய் 'சூடாக்கு' என்கிறது. பழைய தெர்மோஸ்டாட் வெறும் சுவிட்சு. அதற்கு இது போதும். வைஃபையும் திரையும் உள்ள ஸ்மார்ட் கருவிக்கோ எந்நேரமும் மின்சாரம் வேண்டும். அதைத் தருவது மின்சாரம் திரும்பிச் செல்லும் C ஒயர்.

அது இல்லாவிட்டால், ஃபர்னஸ் ஓயும் நேரத்தில் W ஒயர் வழியே சிறிது மின்சாரத்தைக் கசியவிட்டு, கருவி தன் பேட்டரியை நிரப்பிக்கொள்கிறது. ஃபர்னஸ் ஓடும்போது சுவிட்சு மூடியிருப்பதால் R-க்கும் W-க்கும் இடையே மின்னழுத்தமே ஏறக்குறைய இல்லை. சுவிட்சைக் கண நேரம் திறந்து திறந்துதான் மின்சாரம் எடுக்க முடியும். உறைபனி இரவில் ஃபர்னஸ் மணிக்கணக்காக ஓடினால் பேட்டரி வற்றுகிறது. முதலில் வைஃபை போகும், பிறகு திரை அணையும், கருவி மறுபடி மறுபடி புதிதாகத் தொடங்கும். மிகவும் தேவையான நேரத்தில் வீடு குளிர்ந்துவிடும்!

சில ஃபர்னஸ்களில் அந்தக் கசிவே ரிலேயைத் தூண்டி 'டக் டக்' என்று அடிக்க வைக்கும்.

பேட்டரியை மாற்றுவது தீர்வல்ல. ஃபர்னஸின் மின்சாரத்தைப் பிரேக்கரில் நிறுத்திவிட்டு, தெர்மோஸ்டாட்டைச் சுவரிலிருந்து கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் நீல நிறத்தில், பயன்படாத ஒயர் ஒன்று உள்ளே சுருண்டிருக்கலாம். அதன் இரு முனைகளையும் தெர்மோஸ்டாட்டிலும் ஃபர்னஸ் போர்டிலும் C-இல் இணைத்தால் போதும். உபரி ஒயர் இல்லையென்றால், புது கேபிள் இழுக்கத் தொழில்நுட்பரை அழையுங்கள்.